போன வருஷத்து வாழ்த்து

அத்தியாயம் ஒன்பது

தீபாவளி வாழ்த்துப் படத்தை ஆஸ்பத்திரிக் குறூப்பில் போட்ட கையோடு, ரிப்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இடியப்பம் அவிக்கப் போனாள். ஒரு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அந்த வேலையை வைத்துத்தான் போன வாரம் வீட்டில் அத்தனை பேச்சும் நடந்தது. மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நிர்வாகப் பகுதியில் ரிப்காவுக்கு வேலை. அங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், ஒன்றிரண்டு பௌத்தர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். வேலைக்காகத் தொடங்கிய வட்ஸ்அப் குறூப், பண்டிகை வந்தால் போர்க்களமாகிவிடும். ஒருவர் சாமிப் படம் போட்டு, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்பார். ஒருவர் பிறை காணுமுன்னே பெருநாள் வாழ்த்துப் போட்டுவிடுவார். அடுத்த நாளும் நோன்பு என்று கொழும்பிலிருந்து அறிவிப்பு வரும். பெரிய வெள்ளியன்று யாரோ பலூன் படத்தோடு 'இனிய பெரிய வெள்ளி' என்று போட்டபோது, எக்ஸ்ரே பகுதி ஆர்னோல்ட் அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை. இயேசு சிலுவையில் மரித்த நாளில் என்ன இனிமை?

அதனால் மனேஜர் வாழ்த்துப் போடும் பொறுப்பை ரிப்காவிடமே கொடுத்து, குறூப் நிர்வாகியாகவும் ஆக்கினார். ஒரு பண்டிகைக்கு அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு வாழ்த்து. சாமிப் படமோ வேத வசனமோ இல்லை. துக்க நாளுக்கு வாழ்த்தே இல்லை. இதெல்லாம் ரிப்கா வைத்த ஒழுங்குகள்.

பள்ளிவாசலில் ஒருவர் அவளுடைய கணவன் முனாஸிடம், "உங்கட வீட்டுக்காரி தீபாவளிக்கெல்லாம் வாழ்த்துப் போடுறாவாமே" என்று கேட்டிருந்தார். அது வீட்டுக்குள் வந்து பெரிதானது. கடைசியில் முனாஸ்தான் முடித்துவைத்தான்.

"அவங்கட நம்பிக்கையில நாம ஒண்டும் கலக்கல்ல. கூட வேல செய்றவங்க சந்தோஷமா இருக்கட்டும் எண்டு சொல்றதுல என்ன இரிக்கி? ஆனா ரிப்கா, செய்றதெண்டா சரியாச் செய்."

செய்துவிட்டாள். போன வருஷம் தங்கை றுமைஸா செய்து கொடுத்த படம் போனிலேயே இருந்தது. கறுப்புப் பின்னணியில் வரிசையாக அகல் விளக்குகள், அதன் கீழே இந்து ஊழியர்கள் எல்லோருடைய பெயர்களும். பெயர் போட்டால் நெருக்கமாக இருக்கும் என்று மனேஜர் அப்போது சொல்லியிருந்தார்.

"றுமைஸா, வருஷத்த மட்டும் மாத்தித் தா" என்று நேற்றுப் பின்னேரம் சொன்னாள். றுமைஸா மாற்றித் தந்தாள். அவ்வளவுதான்.

இடியப்பம் அவிந்து முடிய முன்னமே போன் துள்ளத் தொடங்கிவிட்டது. நன்றிகள், கைகூப்பும் படங்கள், பட்டாசுப் படங்கள். ரிப்கா சாப்பிட்டுக்கொண்டே பார்த்துச் சிரித்தாள்.

"பாருங்க, எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷம்."

முனாஸ் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "நல்லம். வா, மழை இறங்கப்போகுது."

காத்தான்குடியைத் தாண்டிக் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வாவி ஈயத் தகடு போலக் கிடந்தது. மடியிலிருந்த கைப்பைக்குள் போன் இன்னொரு முறை அதிர்ந்தது. ரிப்கா எடுத்துப் பார்த்தாள்.

'ஆச்சிப்பிள்ளை வெளியேறினார்.'

ஆச்சிப்பிள்ளை வார்டின் தலைமைத் தாதி. எல்லோருக்கும் மிஸ். குறூப்பில் ஒரு நாளும் அதிகம் பேசாதவர். ஆனால் விட்டுப் போகிற ஆளும் அல்ல. ஒருவர் வெளியேறினால் அது நிர்வாகிகளுக்கு மட்டும்தான் தெரியும். மனேஜர் குடும்பத்தோடு நுவரெலியா போயிருந்தார். ஆக, இந்த நேரம் இது தெரிந்த ஒரே ஆள் ரிப்கா.

கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் மனம் அதை ஏற்கவில்லை. ஏன் என்றுதான் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, விரல் அடையாளம் வைக்கும் இடத்துக்குப் போனபோது விளங்கிவிட்டது. பக்கத்துச் சுவரில் அந்த வாரக் கடமை அட்டவணை ஒட்டியிருந்தது. அவளே தட்டச்சுச் செய்தது. தீபாவளிக்கு இந்து ஊழியர்களுக்கு லீவு. அவர்களுடைய நேரத்தை முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்ப்பார்கள். பெருநாளுக்கு அவர்கள் இவர்களுக்காகப் பார்த்ததுபோல. அப்படியிருந்தும் இன்றைய பகல் கடமையில் ஒரு பெயர்: ஆச்சிப்பிள்ளை.

"எனக்கு லீவு வேணாம் புள்ள. எங்கட வீட்ட இந்த வருஷம் ஒண்டும் இல்ல" என்று அவர் மேசைக்கு வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. ரிப்கா கணினியைப் பார்த்தபடியே, "சரி மிஸ்" என்றிருந்தாள். ஏன் ஒன்றும் இல்லை என்று அவள் கேட்கவில்லை.

தை மாதம் மிஸ்ஸின் மகன் இறந்துபோனான். டெங்குக் காய்ச்சல். பொங்கல் கழிந்த கையோடு. மகன் செத்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை ஏது?

அந்த வீட்டுக்குத்தான் ரிப்கா இன்று விடியக் காலையில், 'உங்கள் இல்லத்தில் ஒளி பெருகட்டும்' என்று பெயர் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

"தங்கச்சி."

ஆர்னோல்ட் பின்னால் நின்றார். கையில் போன் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும், சொல்ல வந்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியும் அண்ணன். இப்பதான் விளங்கின."

"நானும் பாக்காமக் கைகூப்பிப் போட்டுட்டன்" என்றார் ஆர்னோல்ட் மெதுவாக. "பிறகுதான் பேர்கள வாசிச்சன். மிஸ் பாத்திட்டாவா?"

"பாத்திட்டா. குறூப்ப விட்டுப் போயிட்டா."

ஆர்னோல்ட் தலையாட்டிவிட்டு எக்ஸ்ரே அறைக்குப் போனார். அது ஏசுவதை விட மோசமாக இருந்தது.

ரிப்கா தன் மேசைக்குப் போய்க் கதிரையில் உட்காராமலே படத்தை அழுத்திப் பிடித்தாள். எல்லோருக்கும் நீக்கு. படம் போய்விட்டது. அது இருந்த இடத்தில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நின்றது.

ஆனால் கீழே வந்த பதில்கள் அப்படியே இருந்தன. சிலர் படத்தை மேற்கோள் காட்டிப் பதில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பதிலின் தலையிலும் குட்டிக் குட்டியாக அந்த விளக்குகள். நிர்வாகி என்றபடியால் மற்றவர்களுடைய செய்திகளையும் அவளால் நீக்க முடியும். பதற்றத்தில் அவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். ஒவ்வொன்றும் போன இடத்தில் அவளுடைய பெயர் வந்தது. நிர்வாகி ரிப்கா நீக்கினார். நிர்வாகி ரிப்கா நீக்கினார். நிர்வாகி ரிப்கா நீக்கினார்.

திரை முழுக்க அதுதான். அதைப் பார்த்த பிறகுதான் தான் செய்துவைத்திருப்பது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

மருந்தகத்தில் வேலை செய்யும் லோகிதன் முதலில் கேட்டான். அவன் வீட்டில் இருந்தான், கோயிலுக்குப் போய் வந்த புதுச் சேட்டோடு படமும் போட்டிருந்தான். அதுவும் நீக்கியவற்றுக்குள் போயிருந்தது.

'இது என்ன? தீபாவளி அண்டைக்கு எங்கட வாழ்த்துகள ஏன் அழிக்கிறீங்க?'

யாரோ ஒரு கேள்விக்குறி போட்டார்கள். இன்னொருவர்: 'போட்டவங்களே அழிக்கிறாங்க. ஆரும் ஏசிப்போட்டாங்களோ?'

லோகிதன் மீண்டும்: 'பெருநாளுக்கு நாங்க போட்டத ஒருத்தரும் அழிக்கல்ல. அவ்வளவுதான் சொல்லலாம்.'

ரிப்கா அதை மறுபடி வாசித்தாள். ஒரு முஸ்லிம் பெண் தீபாவளி வாழ்த்தை அழித்துவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். இந்த ஊரில் இப்படி ஒரு கதை பாலத்தைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மனேஜர் நுவரெலியாவிலிருந்து அழைத்தார்.

"என்ன ரிப்கா இது? லோகிதன் எனக்கும் எழுதியிருக்கிறான். உடன ஒரு விளக்கம் போடுங்க. மிஸ்ஸிட மகன் செத்ததால அழிச்சம் எண்டு போட்டா முடிஞ்சிது. மிஸ்ஸையும் திரும்பச் சேத்து விடுங்க."

"மிஸ்ஸக் கேக்காம எப்படி சேர்?"

"அதில என்ன கேக்கக் கிடக்கு?"

"அது அவட துக்கம் சேர். நான் தப்பிக்கிறதுக்கு அத எடுத்து எல்லாருக்கும் காட்டேலாது. நான் போய்க் கதச்சிட்டுப் போடுறன்."

சொல்லிவிட்டாளே தவிர, உடனே மாடிக்குப் போகவில்லை. போவதற்கு முன் ஒன்று செய்யலாம் என்று நினைத்தாள். குறூப்பில் தை மாதம்வரை மேலே தள்ளிக்கொண்டே போனாள். அந்த நாளில் தான் என்ன எழுதினோம் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

இருந்தது. 'ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்.' பக்கத்தில் ஒரு பூ. அவளுக்கு மேலேயும் கீழேயும் அதே வரிகள். அவளும் யாரோ போட்டதை அழுத்திப் பிடித்து, பிரதி எடுத்து, ஒட்டியிருந்தாள்.

அவை எல்லாவற்றுக்கும் மேலே மரண அறிவித்தல் படம் கிடந்தது. மங்கலான ஒரு சதுரம், நடுவில் கீழ்நோக்கிய அம்புக்குறி. டேட்டா முடிந்துவிடும் என்று படங்கள் தானாக இறங்காமல் அவள் நிறுத்திவைத்திருந்த காலம் அது. அந்தப் படத்தை அவள் ஒரு நாளும் இறக்கிப் பார்க்கவில்லை. திறக்காத அறிவித்தலுக்குத்தான் அனுதாபம் போட்டிருந்தாள்.

இப்போது அம்புக்குறியைத் தொட்டாள். சிறிது சுற்றியது. பிறகு, படம் இப்போது கிடைக்காது, அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள் என்று வந்தது.

ரிப்கா சிறிது நேரம் அந்த மங்கல் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாடிக்குப் போனாள்.

ஆச்சிப்பிள்ளை மருந்து அறையில் ஊசிக்குள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நில்லு. இதக் குடுத்திட்டு வாறன்."

வார்டுக்குள் போய் ஒரு வயதானவருக்கு மருந்து ஏற்றிவிட்டு, அவருடைய போர்வையையும் சரிசெய்துவிட்டு நிதானமாக வந்தார். கை கழுவினார். துடைத்தார்.

"இப்பச் சொல்லு."

வரும்போது நினைத்துக்கொண்டு வந்ததெல்லாம் ரிப்காவிடமிருந்து போய்விட்டது.

"பிழை செஞ்சிட்டன் மிஸ். அது போன வருஷத்துப் படம். வருஷத்த மட்டும் மாத்திப் போட்டன். பேர்கள வாசிக்கல்ல."

"அது பாத்த உடன விளங்கின. போன வருஷமும் அதே விளக்குதான்." ஆச்சிப்பிள்ளை கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "அழிச்சிட்டியாமே. லோகிதன் கோல் எடுத்தான்."

"உங்களுக்கா?"

"ஓம். எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்லிப்போட்டுத்தான் உன்னப் பத்தி முறைப்பாடு சொன்னான்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபமே இல்லை.

"நீ என்ட பேரப் போட்டதால நான் வெளிக்கிடல்ல ரிப்கா" என்றார் ஆச்சிப்பிள்ளை. "ஒராள் மறக்கிறது வழமை. வேலப் பளுவுல எனக்கும் மறக்கும். ஆனா அதுக்குக் கீழ ஒவ்வொராளா வந்தாங்க. பட்டாசு. பலகாரம். நான் பாத்துக்கொண்டே இருந்தன். ஆரும் ஒராள், 'ஏன் மிஸ்ஸிட பேர் கிடக்கு' எண்டு கேப்பாங்க எண்டு. கேக்கல்ல. அவங்க எல்லாரும் எங்கட வளவுக்குள்ள கதிரை போட்டு இருந்து, என்ட கையப் பிடிச்சு அழுதவங்க."

ரிப்கா தலை குனிந்தாள். அந்தக் கதிரைகளில் ஒன்றில்கூட அவள் இருந்ததில்லை.

"நீ வரல்ல" என்றார் ஆச்சிப்பிள்ளை, அதையும் அதே குரலில்.

"ஓம் மிஸ். வரல்ல."

"ஏன்?"

காரணங்கள் இருந்தன. பிள்ளைக்குச் சளி. அடைமழை. அந்த மாதம் கணக்கு முடிக்கும் நெருக்கம். சொன்னால் மிஸ் தலையாட்டியிருப்பார்.

"முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு வருவம் எண்டு நினைச்சன். அதுக்கும் வரல்ல. பிறகு வெக்கமாப் போயிட்டு. உங்களக் கண்டா அதப் பத்திக் கதைக்காம வேலயப் பத்தி மட்டும் கதச்சன்."

"அது எனக்குத் தெரியும். நீ எப்பவும் கொம்பியூட்டரப் பாத்துத்தான் கதைப்பாய்." ஆச்சிப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பினார். வாவி மேல் மழை இறங்கத் தொடங்கியிருந்தது. "அவன்ட பேர் தெரியுமா உனக்கு?"

ரிப்கா யோசித்துப் பார்த்தாள். 'அன்னார்' என்று எழுதியது மட்டும் ஞாபகம் வந்தது.

"தெரியாது மிஸ்."

அவர் பெயரைச் சொல்லுவார் என்று ரிப்கா நினைத்தாள். அவர் சொல்லவில்லை. அவளாகக் கேட்கவும் துணிவு வரவில்லை.

"சரி, என்னத்துக்கு வந்த? மன்னிப்புக் கேக்க மட்டுமா?"

"குறூப்பில நான் ஒரு விளக்கம் போட வேணும் மிஸ். என்ன போடலாம் எண்டு உங்களக் கேக்காம நான் எழுத மாட்டன்."

ஆச்சிப்பிள்ளை முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

"என்ன வெச்சு ஒண்டும் எழுதாத. மிஸ்ஸுக்குத் துக்கம், அதால அழிச்சம் எண்டு போட்டா, காலம பட்டாசு போட்ட ஆக்களே ஓடி வந்து அழுகிற படம் போடுவாங்க. ரெண்டும் எனக்கு வேணாம். உன்ட பிழைய உன்ட பேர்ல எழுது. மத்தப் புள்ளைகளுக்கு இண்டைக்குத் தீபாவளிதான். அவங்கட நாளப் பழுதாக்காத. திரும்ப வாழ்த்துப் போடு."

"குறூப்பில உங்களத் திரும்ப..."

"சேக்காத. எனக்கு வரத் தோணினா நானே சொல்லுவன்."

வார்டிலிருந்து மணி அடித்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

ரிப்கா கீழே வந்து எழுத உட்கார்ந்தாள். ஒரு வாழ்த்து எழுத இவ்வளவு கஷ்டப்படுவோம் என்று அவள் நினைத்ததில்லை. 'சில காரணங்களால் நீக்கப்பட்டது' என்று எழுதினாள். எழுதிய உடனேயே, என்ன காரணம் என்று பத்துப் பேர் கேட்பார்கள் என்று விளங்கி அழித்தாள். 'இந்த வருஷம் கொண்டாடாத உள்ளங்களையும் நினைக்கிறோம்' என்று எழுதினாள். கேட்க அழகாக இருந்தது. ஆனால் அப்படி ஒரு வீடு யாருடையது என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். விரல் காட்டுவதுபோல. அதையும் அழித்தாள்.

ஆர்னோல்ட் எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டு வந்து, கேட்காமலே பக்கத்தில் நின்று வாசித்தார்.

"'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்' எண்டு கிடக்கே, அத எடு தங்கச்சி."

"ஏன் அண்ணன், மன்னிப்புத்தானே?"

"'இருந்தால்' எண்டு போட்டா, புண்பட்டது அவங்கட குறை மாதிரி. பெரிய வெள்ளிக்கு அந்தப் பலூன் போட்ட ஆளும் பிறகு எனக்கு அப்படித்தான் எழுதினது. நான் பதில் போடல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஈஸ்டர் வந்தாலே எங்கட ஆக்களுக்கு, அண்டைக்கு ஆலயத்துல குண்டு வெடிச்சுச் செத்த ஆக்கள்ட நினைவுதான் முதல் வரும். வாழ்த்து வந்தா கோபம் இல்ல. 'மகிழ்ச்சி பொங்கட்டும்' எண்டு வந்தாத்தான் என்ன சொல்றதெண்டு தெரியாது. ஆனா அத ஒருத்தருக்கும் நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. சொல்லாம எப்படி அவங்களுக்குத் தெரியும்?"

ரிப்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய வெள்ளிக்கு ஒழுங்கு போட்ட அவளுக்கு, ஈஸ்டர் ஞாயிறு அவருக்கு எப்படிப் போகிறது என்று கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

"பேர்களையும் இனிப் போடாத" என்றார் அவர். "ஆர் எந்தச் சமயம் எண்டு நாம ஏன் வரிசைப்படுத்துவான்? போன வருஷம் நேர்சிங் புள்ள ஒண்டுட பேரும் அதுல வந்த. அது பெந்தகோஸ்துச் சபைக்குப் போகத் தொடங்கி எவ்வளவு காலம்."

கடைசியில் அவள் போட்டது இதுதான்:

'தீபாவளியைக் கொண்டாடும் சக ஊழியர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் அன்பான வாழ்த்துகள். காலையில் நான் போட்டது போன வருஷத்துப் படம். அதிலிருந்த பெயர்களைச் சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு. அதனால் அந்தப் படத்தை நானே நீக்கினேன். பதற்றத்தில் உங்களுடைய வாழ்த்துகளையும் நீக்கிவிட்டேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் படங்களைத் தயவுசெய்து மீண்டும் போடுங்கள். இனி எந்தப் பண்டிகை வாழ்த்திலும் பெயர்கள் வராது. இன்று கடமையில் இருக்கும் அனைவருக்கும் நன்றி. ரிப்கா.'

படம் எதுவும் இல்லை. வெறும் எழுத்து.

இரண்டொருவர் நன்றி சொன்னார்கள். நேர்சிங் பிள்ளைகள் தங்கள் கோலப் படங்களைத் திரும்பப் போட்டார்கள். லோகிதன் குறூப்பில் ஒன்றும் எழுதவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவன் ரிப்காவைத் தனியாகப் போனில் அழைத்தான்.

"ரிப்கா, எந்தப் பேர் பிழை எண்டு நான் கேக்கல்ல. நானே பாத்திட்டன். அந்தப் படம் என்ட போன்ல இறங்கிக் கிடந்திச்சு."

"ம்."

"நான் அவவுக்குக் கோல் எடுத்து வாழ்த்துச் சொன்னன்." அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் பூவாணம் கொளுத்தும் சத்தம் கேட்டது. "அவ 'நன்றி தம்பி' எண்டு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா."

"நானும் பாக்காமத்தான் போட்டன்" என்றாள் ரிப்கா. அவன் போனை வைத்தான்.

கடமை முடிய முன் ஆர்னோல்ட்டிடம் போனாள்.

"அண்ணன், தை மாதம் வந்த அறிவித்தல் உங்கட போன்ல இரிக்கா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. தேடி எடுத்து அனுப்பினார். இந்த முறை ரிப்கா உடனே திறந்தாள்.

மெலிந்த முகம். முன்பல் கொஞ்சம் தெரியச் சிரித்தபடி. கிதுர்சன். ஆரையம்பதி. கீழே பெற்றோர் பெயர், தகனம் நடக்கும் இடம். எல்லாம் அவளுடைய போனுக்கும் வந்த விஷயங்கள்தான்.

கிதுர்சன், என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மிஸ்ஸைத் தேடி மாடிக்கு ஏறினாள். அவர் போய்விட்டிருந்தார்.

முனாஸ் வாசலில் மழைக் கோட்டோடு நின்றான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வழியில் எதுவும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது அவளே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நானும்தானே காலம எட்டிப் பாத்தன். 'நல்லம்' எண்டன்" என்றான். "அவங்கட வீட்ட போகோணும் ரிப்கா. பிந்தினாலும் போகோணும். நான் கூட்டிப் போறன்."

உள்ளே றுமைஸா மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். டவுனில் ஒரு கணினிக் கற்கைநெறி முடித்தவள். வீட்டிலிருந்தே படங்கள் வடிவமைத்துக் கொடுக்கிறாள்.

"ராத்தா, படம் எப்படியாம்? எல்லாருக்கும் பிடிச்சிச்சா?"

ரிப்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கையில் ஒரு குற்றமும் இல்லை. பெயர்களை அவள் எப்படி அறிவாள்? இருந்தும் சொல்லாமல் விட முடியவில்லை.

"அதில ஒரு பேர் வந்திருக்கக் கூடா. எங்கட தலைமைத் தாதி. அவட மகன் தை மாசம் மௌத்தாப் போயிட்டார். நான் யோசிக்காமப் போட்டுட்டன்."

"அல்லாஹ். ஆர் அவர்?"

ரிப்கா போனைத் திறந்து நீட்டினாள். "நானும் இண்டைக்குத்தான் பாத்தன். கிதுர்சன் எண்டு பேர்."

றுமைஸா போனை வாங்கவில்லை. நீட்டிய இடத்திலேயே அதைப் பார்த்தபடி இருந்தாள். மடிக்கணினியின் மேல் இருந்த அவளுடைய கை மெல்லக் கீழே இறங்கியது.

"இவர்ட உம்மாட பேரையா நான் அந்தப் படத்துல வெச்சன்?" என்றாள்.

"உனக்கு இவரத் தெரியுமா?"

"எங்கட கோர்ஸ்ல படிச்சவர்." அவள் மடிக்கணினியை மூடினாள். "அண்டைக்கு எங்கட கிளாஸ் குறூப்பிலயும் இதே அறிவித்தலப் போட்டாங்க. எல்லாரும் எழுதினாங்க ராத்தா. நான் மட்டும் ஒண்டும் எழுதல்ல. எழுதினா, என்ட பேரப் பாத்து ஆக்கள் ஏதும் நினைப்பாங்க எண்டு பயந்தன். ஒரு வரி. அதக்கூட எழுதல்ல."

"என்ன நினைப்பாங்க?"

றுமைஸா போனிலிருந்த அந்த முகத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். வாசலில் மழைக் கோட்டை உதறிக்கொண்டிருந்த முனாஸின் சத்தம் நின்றுபோனது.

ரிப்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள். இந்த ஒரு நாளில் எத்தனை பேருடைய முகத்தைத் தான் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று அவள் கண்டுகொண்டாயிற்று. அந்த வரிசையில் இவளும் வருவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நானும் மச்சானும் அவங்கட வீட்ட போறம்" என்றாள் மெதுவாக. "எங்க எண்டுதான் தெரியாது. ஆரையம்பதியில கேட்டுப் போகோணும்."

றுமைஸா கண்ணைத் துடைத்தாள்.

"கேக்கத் தேவல்ல ராத்தா" என்றாள். "எனக்கு வழி தெரியும்."